பூனைக் கதையும் நண்டும்: ஒரு படக்கதைக்கான நாட்குறிப்பு

ஜூன் 3

மீன் ஏலக்கூடத்துப் பூனையைப் பற்றிய கதையை ஓவியரிடம் அனுப்பினேன். மொத்தம் 420 சொற்கள். ராத்திரியே பதில் வந்துவிட்டது: "கதை பிடிச்சிருக்கு அக்கா. வரையறதுக்கு முன்னாடி ஒருநாள் உட்கார்ந்து பேசிடலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. போன முறை இப்படிப் பேசாமல்தான் ஆரம்பித்தேன். அப்போது கூட இருந்த ஓவியரிடம் வண்ணம் தீட்டி முடித்த படங்களை ஐந்து தடவை மாற்றச் சொன்னேன். ஆறாவது தடவை அவர் போனை எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. பென்சிலில் இருக்கும்போது சொல்ல வேண்டியதை வண்ணம் காய்ந்த பிறகு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8

டீக்கடையில் இரண்டரை மணி நேரம். முதலில் நாள் கணக்கு போட்டோம். புத்தகம் 24 பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் நூல் விவரத்துக்கு. நடுவில் 11 இரட்டைப் பக்கங்கள். ஒன்றுக்கு மூன்று நாள் என்றால் 33 நாள். அட்டைக்கு மூன்று, பென்சில் வரைவுகளுக்குப் பத்து. ஆக 46 நாள். நான் கதை எழுதியது மொத்தமே பத்து நாள் வேலை.

பிறகு பணம். விலை 150 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம், ஆயிரம் பிரதியும் விற்றது என்றே வைத்துக்கொண்டோம். வருவது 15,000. பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 7,500. அவருக்கு நாளொன்றுக்கு 163 ரூபாய், எனக்கு 750. சுவருக்கு வெள்ளையடிக்கப் போனால்கூட அவருக்கு அந்த 163-ஐவிடக் கூலி கிடைக்கும். "சரிபாதிதான் நியாயம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நான். கணக்கைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு ஆறு, எனக்கு நாலு என்று முடிவானது. முன்பணம் கிடைத்தால் முதலில் அவருக்கு. பிற்பாடு வரும் ராயல்டியில் நேர்செய்துகொள்ளலாம். மூலப் படங்கள் அவருடையவை. விற்பதும் கண்காட்சியில் வைப்பதும் அவர் விருப்பம்.

ஜூன் 11

பெயர் விஷயம். அட்டையில் இரண்டு பெயரும், ஒரே எழுத்துரு, ஒரே அளவு, 'கதை', 'ஓவியம்' என்ற குறிப்போடு. யார் முதலில் என்பதற்கு அவரே "கதைதானே முதல்ல பொறந்துச்சு" என்று முடித்துவிட்டார். விழா அழைப்பிதழிலும் நேர்காணலிலும் இருவர் பெயரும் வர வேண்டும். அங்கேதான் ஓவியர் வழக்கமாகக் காணாமல் போகிறார்.

மீன் பெயர்களைச் சொல்லித் தந்த ஏலக்கார அம்மாவுக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி. பெயர் போடலாமா என்று அவரையே கேட்க வேண்டும்.

ஜூன் 14

சிக்கல் நண்டு வடிவில் வந்தது. மாதிரிப் படத்தில் பூனைக்குப் பின்னால் ஒரு குட்டி நண்டு. கதையில் நண்டே கிடையாது. ஆனால் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நாளைக்கு இந்த நண்டை வைத்து இரண்டாம் புத்தகம் எழுதலாம் என்று எனக்குத் தோன்றினால், அது யாருடைய நண்டு?

1957 பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இருவர் பங்கையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்திருந்தால்தான் அது கூட்டுப் படைப்பு. எங்கள் புத்தகத்தில் எழுத்து தனி, படம் தனி. ஆக எழுத்து எனக்கு, படம் அவருக்கு, நண்டின் உருவமும் அவருக்கே. இந்தப் பூனையோ நண்டோ வரும் அடுத்த புத்தகத்துக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். பதிப்பகம் கிடைக்காவிட்டால் அவரவர் பொருளோடு பிரியலாம். என் கதையை வேறொருவர் வரைந்தால் நண்டு வரக்கூடாது.

அதே சட்டத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். பதிப்பகத்தோடு பேசும்போது இரண்டையும் கேட்டு எழுதி வாங்கும் வேலை என்னுடையது. கடிதம் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

ஜூன் 16

ஒரு பக்கத்தில் எல்லாம் அடங்கியது. திருத்தத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பென்சில் நிலையில் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். வண்ணத்துக்குப் போன பிறகு தகவல் பிழை மட்டுமே திருத்தம், அதாவது மீனுக்குத் துடுப்பு தப்பான இடத்தில் இருந்தால். "எனக்குப் பிடிக்கலை" என்பது செல்லாது. அதேபோல என் வாக்கியத்தை அவர் மாற்றக்கூடாது. வெட்டச் சொல்லலாம், வெட்டுவது நான். பத்து நாள் சத்தம் இல்லையென்றால் மற்றவர் போன் செய்யலாம், கோபிக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி.

ஜூலை 2

பென்சில் வரைவுகள் வந்தன. ஏழாவது இரட்டைப் பக்கத்தில் பூனையே இல்லை. காலிக் கூடையும் நண்டும்தான். 'பூனை எங்கே?' என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். அனுப்பினால் ஒரு சுற்று போய்விடும். மறுபடி பார்த்தபோது கூடைக்கு வெளியே வால் நுனி தெரிந்தது. 'பூனை கூடைக்குப் பின்னால் ஒளிந்தது' என்ற என் வரியை வெட்டினேன். இப்போது 416 சொற்கள்.