ஒரு செருப்பு விளம்பரமும் நான்காம் வேற்றுமையும்

ஆம்பூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு காலணி நிறுவனம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அணிவதற்கென்று மென்மையான செருப்பு ஒன்றைத் தயாரித்திருந்தது. அதன் ஆங்கிலப் புரோஷரைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்றாக மடிக்கிற ஒரே தாள், ஆறு பக்கம், மொத்தம் முந்நூறு சொல்கூட இருக்காது. “வரிக்கு வரி வேண்டாம் சார். படித்தால் தமிழிலேயே எழுதிய விளம்பரம் போல இருக்க வேண்டும்” என்றார் அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளர். காட்பாடியில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பே தொழிலாக இருக்கிற எனக்கு இது இரண்டு நாள் வேலையாகத்தான் தெரிந்தது. முடிய மூன்று வாரம் ஆயிற்று.

ஆங்கில முகப்பு வாசகம், ‘ஒவ்வொரு அடியிலும் பரிவு’ என்ற பொருளில் இருந்தது. அதை அப்படியே தமிழில் வைத்தால் உயிரில்லை. தமிழில் முகப்பு வாசகம் என்றால் எதுகையோ மோனையோ வேண்டும், கடைப் பலகையில் எழுதினாலும் வாயில் ஒட்ட வேண்டும். இரவெல்லாம் யோசித்து நான் எழுதியது இது: ‘புண்ணில்லாப் பாதம், புன்னகை வாழ்வு.’ எழுதியபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மேலாளருக்கும் மிகவும் பிடித்துவிட்டது.

நிறுவனம் அதைத் தன் வழக்கறிஞருக்கு அனுப்பியது. அவர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்கிறவர். மறுநாள் தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இதைப் போட்டுக்கொண்டால் காலில் புண் வராது என்று ஆங்கிலத்தில் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.”

எந்த வரியிலும் இல்லை. பரிவு என்பதை யாரும் ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது, வாக்குறுதி என்று பிடிக்கவும் முடியாது. புண்ணில்லாப் பாதம் அப்படி அல்ல. புண் வந்தவர் புரோஷரைக் கையில் பிடித்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்தப் புண்ணை நான் தேடி வைக்கவில்லை. புன்னகைக்கு எதுகை தேடினேன், அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஓசைக்காகச் சொல் தேடும்போதுதான் மூலத்தில் இல்லாத வாக்குறுதி உள்ளே நுழைகிறது என்பதை அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் கண்டேன்.

வழக்கறிஞர் இரண்டு சட்டங்களைச் சொன்னார். ஒன்று, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும். மற்றொன்று, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது, உடல் பகுதி அழுகிப்போவதும் இருக்கிறது. “செருப்பு எப்படி மருந்தாகும்?” என்று கேட்டேன். அந்தச் சட்டத்தில் மருந்து என்பதற்கான விளக்கம் மாத்திரையோடும் தைலத்தோடும் நிற்பதில்லை என்றார். உணவு தவிர, உடலின் அமைப்பையோ உறுப்பின் இயக்கத்தையோ மாற்றும் நோக்கமுள்ள எந்தப் பொருளும் அதற்குள் வரலாம். “செருப்பை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அந்தச் செருப்பு இல்லை, உங்கள் வாக்கியம்” என்றார்.

அதன் பிறகு முழுவதையும் முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு தாளில் கோடு போட்டு, ஆங்கில வரி ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது, அதற்கு நிறுவனத்தின் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுதினேன். மேலாளரிடம் ஆதாரங்களைக் கேட்டு வாங்கினேன். உள்ளங்காலின் அழுத்தத்தை அளந்த ஆய்வறிக்கை ஒன்றும், அடிப்பாகத்தின் வழுக்கல் சோதனை அறிக்கை ஒன்றும் இருந்தன. புண் பற்றிய ஆய்வு எதுவும் இல்லை. எந்தச் சொல் வரை போகலாம் என்பதற்கு அந்த இரண்டு அறிக்கைகளே எல்லை.

இனி நான் மிகவும் தடுமாறிய இடம். ‘சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏற்றது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. நான் சுருக்கமாக ‘சர்க்கரை நோய்க்கு ஏற்ற செருப்பு’ என்று எழுதியிருந்தேன். பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் தமிழில் நோயின் பெயரோடு ‘கு’ உருபு சேர்ந்தால் அடுத்து வருவது மருந்துதான். தலைவலிக்குத் தைலம், சளிக்குக் கஷாயம், காய்ச்சலுக்கு மாத்திரை. அந்த வரிசையில் சர்க்கரை நோய்க்குச் செருப்பு என்று வந்தால், படிக்கிறவர் மனம் அதையும் சிகிச்சையாகத்தான் எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமைக்கு ‘பகை’ என்றும் ஒரு பொருள் படித்தோமே, பாம்புக்குப் பகை கீரி என்று, அந்தப் பொருள் இங்கே வந்து வேலை செய்கிறது. உருபை நோயிலிருந்து எடுத்து மனிதருக்கு மாற்றினேன்: ‘சர்க்கரை நோய் உள்ளவர்கள் அணிவதற்கு ஏற்றது.’ இரண்டு சொல் புதிதாகச் சேர்ந்தது. அந்த இரண்டு சொல்லையும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று மேலாளருக்குத் தனிக் கடிதம் எழுதினேன்.

அடுத்தது அழுத்தம். ஆங்கிலம், பாதத்தின் கீழ் அழுத்தம் குறைய உதவுவதாகச் சொன்னது. நான் ‘அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று எழுதியிருந்தேன். இதில் இரண்டு கோளாறு. ‘உதவும்’ என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். அதுதான் அந்த வரியின் கடிவாளம். ‘குறைக்கும்’ என்று தனியே நிற்கிற வினைமுற்று, என்றும் யாருக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்கிறது. இரண்டாவது கோளாறை எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

எழுபதைத் தாண்டியவர், பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உணர்வு குறைந்த பாதத்துக்கென்று செய்யும் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அணிகிறவர். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கும் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உணர்வு குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது, அதனால் மெத்தென்ற ரப்பர் தேவை என்பது அவருக்கு அனுபவமாகவே தெரியும். தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் “இந்தச் செருப்பு என்ன செய்யும் என்று சொல்கிறார்கள்?” என்று கேட்டேன். பிடித்திருக்கிறதா, புரிகிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது என்ற பதிலால் இந்த வேலைக்குப் பயனில்லை.

“சர்க்கரையும் பிரஷரும் இறங்கும் என்று போட்டிருக்கிறது தம்பி. பாதம் சுகமாகுமாம்” என்றார்.

திகைத்துப்போனேன். ‘அழுத்தம்’ அவருக்கு ரத்த அழுத்தம். சர்க்கரை நோய் என்ற சொல்லுக்கு அடுத்த வரியிலேயே அது வந்தால் வேறு எப்படிப் படிப்பார்? இன்னொரு வரியில் ‘பாதங்களுக்குச் சுகம் தரும்’ என்றும் எழுதியிருந்தேன். எனக்கு அது சொகுசு. மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களுக்குச் சுகம் என்றால் நோய் தீர்வது.

‘அழுத்தம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ‘உடல் பாரம் உள்ளங்காலில் ஒரே இடத்தில் விழாமல் பரவ உதவும் வகையில் வடிவமைக்கப்பட்டது’ என்று மாற்றினேன். நீளம்தான், ஆனால் ஆய்வறிக்கை காட்டுவதும் இதைத்தான். ‘சுகம்’ போய் ‘இதம்’ வந்தது. அடிப்பாகம் பற்றி ‘வழுக்காத’ என்று எழுதியிருந்ததும் போயிற்று. ஈரத் தரையில் சோதித்து, வழுக்கல் குறைகிறது என்று சொன்ன அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தத் தரையிலும் வழுக்கவே வழுக்காது என்று சொல்ல முடியாது. புகாத, தேயாத, கிழியாத என்று இந்த வகைச் சொற்கள் விளம்பரத் தமிழில் சரளமாக வந்து விழும். ஒவ்வொன்றும் விதிவிலக்கில்லாத மறுப்பு. ‘வழுக்கலைக் குறைக்க உதவும் அடிப்பாகம்’ என்று வைத்தேன். உற்பத்திக் குறையால் அடிப்பாகம் பிரிந்தால் 6 மாதத்துக்குள் மாற்றித் தரும் வாரண்டியை, ‘உத்தரவாதம்’ என்று பொதுவாகச் சொல்லாமல் எதற்கு வாரண்டி என்று முழுதாக எழுதினேன்.

முகப்பு வாசகத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. ‘அடிமேல் அடி, அத்தனையும் மென்மை’ என்று ஒன்று வந்தது. அடிமேல் அடி என்றால் துன்பத்துக்கு மேல் துன்பம், நோயாளியிடம் அதைச் சொல்லலாமா? தள்ளிவிட்டேன். கடைசியில் ‘பாதம் கேட்கும் பதம்’ என்று நின்றது. ஓசை இருக்கிறது, மென்மை என்ற குறிப்பும் இருக்கிறது, நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழக்கறிஞர் உடனே ஒப்புக்கொண்டார்.

புரோஷரின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருந்தது: இது சிகிச்சை அன்று, புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், பாதத்தைத் தினமும் சோதியுங்கள். அதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம், இடம் இல்லை என்றார் மேலாளர். இது நடக்காது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், விளம்பரத்தில் கூறுவது எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் ஆசை காட்டி ஆங்கிலத்தில் எச்சரித்தால், எச்சரிக்கை வேண்டியவருக்கு அது போய்ச் சேராது. தமிழிலேயே போட்டோம், இடத்துக்காக ஒரு படத்தைச் சிறிதாக்கினோம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை வாங்கிப் பார்த்தால், பாரம் பற்றிய வரி மூன்றாம் வரிக்கு நீள்கிறது என்று வடிவமைத்தவர் ‘உதவும்’ என்பதை வெட்டிவிட்டு, ‘பரவ’ என்பதைப் ‘பரவும்’ என்று ஆக்கியிருந்தார். வரி அழகாக இரண்டில் அடங்கியிருந்தது, வாக்குறுதி திரும்ப வந்திருந்தது. எழுத்தை அரைப் புள்ளி குறைத்து, சொற்களை மறுபடி வைக்கச் செய்தேன். வெட்டக் கூடாத சொற்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசி அனுப்பும் பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

அச்சான தாளோடு மறுபடி பெரியம்மாவிடம் போனேன். முகப்பு வாசகத்தை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“மெத்தென்று இருக்கும் என்கிறார்கள். புண் இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். என்ன விலை தம்பி?” என்று கேட்டார்.