ஒரே கைபேசி, ஐந்து கதை: பிரிவுகளை வரைபடமாகப் படித்த விதம்

சட்டப்படிப்பில் முதல் குற்றவியல் உள்தேர்வில் ஒரு கேள்வி. திருடன் பொருளைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான், துரத்தி வந்தவர் மேல் கல்லெறிகிறான், அவருக்குக் காயம். என்ன குற்றம்? அடிதடி இருக்கிறதே என்று நான் 'கொள்ளை' என்று எழுதிவிட்டேன். பிரிவு எனக்கு மனப்பாடம்தான். ஆனால் அதில் 'அந்த நோக்கத்துக்காக' என்ற சொற்கள் எதற்கு நிற்கின்றன என்று நான் யோசித்ததே இல்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு பிரிவையும் தனியாகப் படிப்பதை விட்டு, வரைபடமாகப் போட ஆரம்பித்தேன்.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து போட்ட முதல் தாள் இது. ஏ4 தாளின் நடுவில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, அதாவது திருட்டு. சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்டைத் திறந்து வைத்து, அதன் கூறுகளை மட்டும் கீழே எழுதினேன்: நேர்மையற்ற நோக்கம், அசையும் பொருள், வேறொருவர் வசம் இருப்பது, அவர் சம்மதம் இல்லாமை, எடுப்பதற்காகப் பொருளை நகர்த்துவது. இந்த ஐந்தில் எது மாறினால், அல்லது எது கூடினால், பக்கத்துப் பிரிவுக்குப் போகிறோம்? அதுதான் அம்புக்குறி. ஓர் அம்புக்குறிக்கு ஒரே ஒரு மாற்றம், ஒரு குட்டிக் கதை.

கதைக்குத் தினமும் போகிற கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலையே எடுத்துக்கொண்டேன். தூங்குகிற பயணியின் பக்கத்தில் இருக்கும் கைபேசியை ஒருவன் நைசாக எடுக்கிறான். 303. அதே கைபேசியை, கோடம்பாக்கத்தில் வண்டி கிளம்பும் நேரத்தில், ஜன்னலோரம் பேசிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து சட்டென்று பிடுங்குகிறான். 304, பறிப்பு. பழைய ஐபிசியில் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. முதல் முறை தண்டிக்கப்படுபவனுக்கு இரண்டிலும் உச்ச சிறைத் தண்டனை மூன்று ஆண்டுதான். ஆனால் திருட்டில் அபராதத்தோடு மட்டும் விட்டுவிட முடியும், பறிப்பில் சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும்.

பிடுங்கியவனை அவர் எட்டிப் பிடிக்கிறார். கைபேசியோடு தப்ப அவரைத் தள்ளிவிடுகிறான், முழங்கையில் ரத்தம். இப்போது 309, கொள்ளை. பொருளைக் கொண்டுபோவதற்காகக் காயம் விளைவித்தான் அல்லவா? இனி என் தேர்வுக் கேள்விக்கு வாருங்கள். கைபேசியைப் போட்டுவிட்டான், அப்புறம்தான் கல்லெறிகிறான். காயம் அதேதான், ஆனால் அது பொருளுக்காக அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. ஆகவே திருட்டோ பறிப்போ ஒரு பக்கம், 115(2)இன் கீழ் காயம் விளைவித்தது தனியாக. இந்த இரண்டு கதையையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த நாளில்தான் அந்தச் சொற்கள் எனக்குப் புரிந்தன. மூன்றாவது கதையிலேயே ஐந்து பேர் சேர்ந்து இறங்கியிருந்தால் 310, கூட்டுக்கொள்ளை. நால்வர் என்றால் கொள்ளையோடு நின்றுவிடும்.

ஒரு கதையில் இரண்டு விஷயத்தை மாற்றிவிடாதீர்கள். ஆளும் கூடி, அடியும் விழுந்தால், எதனால் பிரிவு மாறியது என்று நமக்கே தெரியாது. கூறுகளையும் சொந்த வார்த்தையில் சுருக்காமல் சட்டத்தின் சொல்லையே எழுதுங்கள். கொள்ளையில் 'உடனடி' காயம் பற்றிய பயம் என்று இருக்கும். 'உடனடி'யை விட்டுவிட்டால், நாளைக்கு வந்து அடிப்பேன் என்று மிரட்டிப் பணம் வாங்குகிற 308க்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

நம் கதை எல்லையைக் காட்டும்; நீதிமன்றம் அந்த எல்லையை எங்கே வைத்தது என்பதற்குத் தீர்ப்பு வேண்டும். கூறு ஒன்றுக்கு ஒரு தீர்ப்பு, இரண்டு வரி போதும். 'நேர்மையற்ற நோக்கம்' பக்கத்தில் நான் எழுதியது 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பியாரேலால் பார்கவா வழக்கு: அலுவலகக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், நண்பருக்குக் கொடுத்து, மறுநாள் திருப்பி வைத்தாலும் திருட்டுதான். நிரந்தரமாக எடுக்கும் எண்ணம் தேவையில்லை.

பழைய எண்ணையும் பென்சிலில் ஓரமாகக் குறித்துவையுங்கள்: 303க்கு 378, 309க்கு 390, 310க்கு 391. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்கு ஐபிசிதான். பழைய தீர்ப்புகளிலும் அந்த எண்களே வரும்.

தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எண்களை மறைத்துவிட்டுக் கதைகளை மட்டும் கலைத்து ஒரு தோழியிடம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னவள், ஒன்றைக் கேட்டாள்: "அதே போன் யார் கையிலயும் இல்லாம ரோட்டுல கிடந்து, எடுத்து வித்துட்டா?" யார் வசமும் இல்லை, அப்படியானால் திருட்டு இல்லை. 303இலிருந்து கீழே ஓர் அம்பு போட்டு 314, முறைகேடாகக் கையாளுதல் என்று எழுதினேன். இரண்டாவது தாள் அங்கிருந்துதான் தொடங்கியது.