அரியர் வாங்கித் தந்த ஒல்லிக் கம்பி

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாலிடெக்னிக்கில் என்னை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர் ஒருவழியாகத் தொலைந்தது. முதல் தடவை நாலு மார்க்கில் போனது. அதற்குக் காரணம் இந்தக் கேள்விதான் என்று இன்றும் எனக்கு ஆத்திரம்: மேலிருந்து அமுக்கப்படும் நீளமான ஒல்லிக் கம்பியை, இருமடங்கு பலமான எஃகுக்கு மாற்றினால் எவ்வளவு தாங்கும்? இருமடங்கு என்று எழுதினேன். விடை, பழைய அளவேதான்.

பிளஸ் ஒன்னில் யங் குணகம் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போது, முற்றத்தில் வாரியலுக்காகப் பாட்டி சீவிப்போட்ட தென்னை ஈர்க்கில் ஒன்றை எடுத்து இழுத்தேன், அறவில்லை. நிமிர்த்தித் தரையில் ஊன்றி விரலால் அமுக்கினேன், உடனே வில்லாக வளைந்தது. "சும்மா இரு மக்கா, ஒடிச்சிராத" என்றார் பாட்டி. பாடம் அங்கேதான் புரிந்தது.

எந்தக் கம்பியும் முழு நேராக இருக்காது. இழுத்தால் அந்தக் கோணல் நிமிரும். அமுக்கினாலோ, கோணல் இருக்கும் இடத்தில் பாரம் நடுக்கோட்டை விட்டு விலகி நின்று கம்பியை வளைக்கும். வளைந்தால் விலகல் கூடும், விலகல் கூடினால் இன்னும் வளையும். கம்பியின் விறைப்பு ஓர் எல்லை வரை இதைத் தடுக்கும். அந்த எல்லைதான் ஆய்லரின் P = π²EI/L². P தாங்கும் பாரம், L நீளம், I குறுக்குவெட்டின் அளவையும் வடிவத்தையும் பொறுத்த எண், E யங் குணகம். இதில் உலோகத்தின் பலம் எங்கும் இல்லை, விறைப்பைச் சொல்லும் E மட்டும்தான். எஃகு எந்த ரகமானாலும் E ஏறக்குறைய ஒன்றே. நான் கவிழ்ந்தது இங்கேதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 2 மி.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம், இரு முனையும் சுழலக்கூடிய சாதாரண எஃகுக் கம்பி. பரப்பு 3.14 ச.மி.மீ.; ஒரு ச.மி.மீ. 250 நியூட்டன் தாங்கும் என்றால் இழுவையில் 785 நியூட்டன், சுமார் 80 கிலோ. அமுக்கத்தில் E ஒரு ச.மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன், I 0.785 மி.மீ.⁴, L 300 மி.மீ. என்று போட்டால் வருவது 17 நியூட்டன்தான். இரண்டு கிலோகூட இல்லை!

சைக்கிள் ஸ்போக் அவ்வளவு ஒல்லியாக இருந்தும் ஆளைத் தாங்குவது எப்படி என்றால், அதை முன்கூட்டியே இழுத்து முறுக்கியிருப்பார்கள். பாரம் ஏறும்போது அடி ஸ்போக்குகளின் இழுவை குறையும், அவ்வளவுதான். அமுக்கம் வரை போகாது.

பரீட்சைக்கு:
- அமுக்கம் என்றதும் கம்பியைக் கோணலாக வரையுங்கள். நேராக வரைந்தால் என்னைப் போல அரியர்தான்.
- நீளம் பாதியானால் நான்கு மடங்கு தாங்கும்.
- விட்டம் இருமடங்கானால் இழுவையில் 4 மடங்கு, அமுக்கத்தில் 16 மடங்கு.
- அதே எஃகைக் குழாயாக்கினால் I கூடும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் குழாய்த் தூண்கள் உள்ளே கூடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.
- குட்டைக் கம்பிக்கு ஆய்லர் செல்லாது. மேலே சொன்ன கம்பியை 4 செ.மீ.க்கு வெட்டினால் சூத்திரம் 785-ஐத் தாண்டிய விடை தரும். அதை நம்பி எழுதாதீர்கள். வளையும் முன்பே எஃகு நசுங்கத் தொடங்கியிருக்கும்.