இரண்டு மாதத்தில் வளராத கல்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். சிறுநீரகக் கல் உள்ளவர்களின் சி.டி. ஸ்கேன்களில் கல்லின் கன அளவைக் கணக்கிட்டு விரிதாளில் ஏற்றுவது என் வேலை. சென்ற மே மாதம் ஒருவருடைய கல் இரண்டே மாதத்தில் 72 சதவீதம் பெருத்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். என் கணக்கைச் சரிபார்க்கும் மேடம் இரண்டு ஸ்கேனையும் திரையில் அருகருகே வைத்து அளவுகோலால் இழுத்துப் பார்த்தார். இரண்டிலும் நீளம் எட்டு மில்லிமீட்டர்தான். “கல் வளர்ந்ததா, உன் கணக்கு வளர்ந்ததா அம்மா?” என்று கேட்டார்.

முழு ஸ்கேனிலேயே அளக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் தொல்லை. 512க்கு 512 பிக்சலில் 380 ஸ்லைஸ் படங்கள் என்றால் ஏறத்தாழ பத்துக் கோடி வாக்ஸல்கள், அதாவது முப்பரிமாணப் பிக்சல்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அடர்த்தி அலகில் 250க்கு மேலுள்ளதையெல்லாம் எடு என்றால் கல்லோடு முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து வந்துவிடும். அதனால் 3டி ஸ்லைசர் என்ற மென்பொருளில் கல்லைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, Crop Volume கொண்டு அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுப்போம்.

தவறு அங்கேதான் நுழைந்தது. மார்ச் மாத ஸ்கேனை வெட்டியபோது Interpolated cropping என்ற கட்டத்தில் டிக் இல்லை. மே மாதத்தில் அதுவும் Isotropic spacing என்பதும் டிக் ஆகியிருந்தன. முதலாவது முறை கத்தரிக்கோல் மாதிரி: உள்ளதை வெட்டும், மாற்றாது. இரண்டாவது வெட்டுவதோடு நிற்காமல் வாக்ஸல்களைப் புதிதாகவே உருவாக்குகிறது. எங்கள் ஸ்கேனில் ஒரு வாக்ஸல் 0.7 × 0.7 × 1.25 மி.மீ., அதாவது 0.6125 கன மி.மீ. அதை எல்லாப் பக்கமும் 0.7 ஆக மாற்றியதும் ஒரு வாக்ஸல் 0.343 ஆகச் சுருங்கிவிட்டது.

மார்ச்சில் 400 வாக்ஸல், 245 கன மி.மீ. மே மாதத்தில் 690 வாக்ஸல். என் விரிதாளோ 0.6125 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதனாலேயே பெருக்கிக்கொண்டிருந்தது. விடை 422.6. சரியான எண்ணால் பெருக்கினால் 236.7 தான். விட்டத்தில் பார்த்தால் 72 சதவீதம் என்பது வெறும் ஒன்றரை மி.மீ. வித்தியாசம். மேடம் அளக்காமல் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் அவரும் நம்பியிருக்கக்கூடும்.

விரிதாளைத் திருத்தியதோடு விட்டிருக்கலாம். ஆனால் புதிதாக உருவாக்கப்பட்ட வாக்ஸல்கள் பக்கத்து மதிப்புகளின் கலவை. நேர்கோட்டு முறையில் கலக்கும்போது கல்லின் உச்ச அடர்த்தி குறையலாம், ஒருபோதும் அதிகரிக்காது. சிறிய கல்லில் விளிம்புதான் பாதிக்கல். ஆகவே டிக்கை எடுத்துவிட்டு மறுபடி வெட்டினேன். வந்தது 361 வாக்ஸல். இப்போது கல் இளைத்துவிட்டது!

முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. கல் அப்படி இருக்காது. பெட்டியை ஒட்டிப் போட்டதில் கடைசி ஸ்லைஸ் வெளியே போயிருந்தது. சுற்றிலும் ஐந்து வாக்ஸல் இடம் விட்டதும் 392 வந்தது, 240.1 கன மி.மீ. பெட்டியின் ஆறு முகங்களிலும் கல்லின் ஒரு வாக்ஸல்கூடத் தொடக்கூடாது என்று அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பது ஸ்கேனுக்கு இதையே கையால் செய்ய மனமில்லாமல் பைத்தானுக்குப் போனேன். வாக்ஸல் எண்களின் அணியை மட்டும் வெட்டிப் பழைய தலைப்புத் தகவலோடு சேமித்தேன். கன அளவு அச்சாகச் சரி. மூல ஸ்கேன்மேல் வைத்துப் பார்த்தால் கல் சிறுநீரகத்திலேயே இல்லை, உடலுக்கு ஓரமாய் நின்றது. படம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் மூலப்புள்ளி நகராவிட்டால், 180ஆவது வாக்ஸலில் தொடங்கும் பெட்டி அந்த ஒரு திசையிலேயே 126 மி.மீ. தள்ளிப்போகும். எண் இதைக் காட்டிக்கொடுக்காது, மேலே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். nibabel நூலகத்தின் `slicer` வழியாக வெட்டினால் மூலப்புள்ளியும் கூடவே நகர்கிறது:

```python
import nibabel as nib
img = nib.load("ct.nii.gz")
roi = img.slicer[180:240, 210:270, 140:180]
print(roi.header.get_zooms())
nib.save(roi, "roi.nii.gz")
```

நான்காவது வரி அச்சிடும் மூன்று எண்களும் இப்போது விரிதாளில் தனித்தனி நிரல்களாக இருக்கின்றன.

அதே நோயாளி வேறிடத்தில் எடுத்த பழைய ஸ்கேன் ஒன்றையும் கொண்டுவந்தார். அது 5 மி.மீ. ஸ்லைஸ். எட்டு மி.மீ. கல் இரண்டு ஸ்லைஸில் தெரிந்தது, மூன்றாவதில் நிழல்போல. அந்த நிழலைச் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறு விடை. எப்படி வெட்டினாலும் இல்லாத விவரம் வந்துவிடாது. அந்த வரிசையில் “ஒப்பிட இயலாது” என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் எதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.