அஸதோ மா ஸத் கமய: யாகசாலையில் அதைத் தேடுகிறவர்களுக்கு

பொய்மையிலிருந்து மெய்மைக்கு, இருளிலிருந்து ஒளிக்கு, மரணத்திலிருந்து மரணமின்மைக்கு என்னை அழைத்துப் போ என்ற மூன்று வரிகளையும் பத்துப் பேர் சேர்ந்து உரக்கச் சொல்லித்தான் நாம் கேட்டிருக்கிறோம். அதனால் இது பிறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று, சோமம் என்ற கொடியைப் பிழிந்து செய்யும் சோமயாகத்துக்குப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒன்றும் கேட்காமல் திரும்புகிறார்கள். சொந்த இடத்தில் இது பாட்டல்ல, ஜபம். வேறொருவர் சாமம் என்ற வேதப் பாட்டைத் தொடங்கும் நேரத்தில், ஒருவர் தனக்குள் முணுமுணுப்பது.

பிருகதாரண்யக உபநிஷத்தே இதைத் தெளிவாகச் சொல்கிறது. "பிரஸ்தோதா சாமத்தைத் தொடங்குகிறார், அவர் தொடங்கும்போது இவற்றை ஜபிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் "அஸதோ மா" வருகிறது. பிரஸ்தோதா என்பவர் சாமத்தின் முதல் பகுதியைப் பாடுபவர். எல்லாச் சாமத்துக்கும் இது பொருந்தாது. சோமம் வடிந்து தூய்மையாவதையொட்டிப் பாடும் பவமான ஸ்தோத்திரங்களுக்கு மட்டும். இந்த ஜபத்துக்கு உபநிஷத் இட்ட பெயர் அப்யாரோஹம், அதாவது மேலேறுதல். ஜபிப்பவர் யார் என்று மூலம் பெயர் சொல்லவில்லை. அது யாகத்தைச் செய்விக்கும் எஜமானரின் வேலை என்று சங்கரர் தம் பாஷ்யத்தில் தீர்த்துவைக்கிறார்.

சோமயாகங்களில் அடிப்படையான அக்னிஷ்டோமம் ஐந்து நாள் யாகம். முதல் நான்கு நாளும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சோமம் பிழியும் ஐந்தாம் நாளுக்கு ஸுத்யா தினம் என்று பெயர். அன்று பாடப்படும் ஸ்தோத்திரங்கள் 12. அவற்றில் காலையில் பஹிஷ்பவமானம், நடுப்பகலில் மாத்யந்தின பவமானம், மாலைப் பிழிதலான மூன்றாம் சவனத்தில் ஆர்பவ பவமானம் என்று மூன்று மட்டுமே பவமானங்கள். பிந்திய இரண்டும் ஸதஸ் என்ற கொட்டகைக்குள் நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் நடமாட்டம் கூடச் சரியாகத் தெரியாது. காலைப் பவமானம் பெயருக்கேற்பக் கொட்டகைக்கு வெளியே நடக்கிறது. பார்க்கப் போகிறவர் குறிவைக்க வேண்டியது அதைத்தான்.

அன்றைய வேலை பறவைகள் குரல் எழுப்பும் முன்பே, பிராதரனுவாகம் என்ற அதிகாலை ஓதலோடு தொடங்கிவிடும். பொழுது விடிந்து சாவகாசமாகப் போனால் பாதி முடிந்திருக்கும். நிற்க வேண்டிய இடம் சோமயாகத்துக்கென அமைக்கும் பெரிய வேதியான மகாவேதியின் வடகிழக்குப் பக்கம். அங்கே சாத்வாலம் என்ற குழி இருக்கும். அக்னி வைக்கும் மேடையான உத்தரவேதிக்கு மண் எடுத்த குழி அது. அதை ஒட்டிய இடத்தில்தான் பஹிஷ்பவமானம் பாடப்படும். வழக்கமாகக் கூட்டம் அக்னி எரியும் பக்கமாகவே நெருக்கியடிக்கும், வடகிழக்கு மூலை காலியாகத்தான் கிடக்கும். கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சோமத்தைப் பிழிந்து வடிகட்டிய பிறகு, சடங்கு செய்யும் ரித்விக்குகள் வரிசையாக வெளியே வருவார்கள். முன்னால் யாக வேலைகளைச் செய்யும் அத்வர்யு, பின்னால் சாமம் பாடும் சாமகர்கள், யாகத்தை மேற்பார்க்கும் பிரம்மா என்ற ரித்விக், எஜமானர். ஒருவர் ஆடையை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, முதுகு வளைத்து, மானை நெருங்கும் வேடர்களைப் போலச் சத்தமில்லாமல் நகர்வார்கள். ஸர்ப்பணம் என்று அதற்குப் பெயர். விவரம் தெரியாதவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை, தாங்கிக் கூட்டி வருகிறார்கள் என்று கூட நினைத்துவிடுவதுண்டு.

உட்கார்ந்ததும் கவனிக்க வேண்டியவை வரிசையாக வரும். அத்வர்யு பிரஸ்தோதாவின் கையில் தர்ப்பை கொடுப்பார். பிரஸ்தோதா "ப்ரஹ்மன் ஸ்தோஷ்யாம: ப்ரசாஸ்த:" என்று அனுமதி கேட்பார். பிரம்மா அனுமதி தருவார். அடுத்து "உபாஸ்மை காயதா நர:" என்ற ரிக்கின் முதல் பகுதியைப் பிரஸ்தோதா எடுப்பார். அதுதான் பிரஸ்தாவம். அந்தக் கணத்தில் கண் பாடகர்மேல் இருந்தால் ஜபம் தப்பிவிடும். எஜமானரின் உதட்டைப் பார்க்க வேண்டும். பிரஸ்தாவம் சில நொடிகளில் முடிந்து, சாமகர்களில் முதன்மையான உத்காதா தம் பங்கை எடுத்துவிடுவார். அவர் பாடும்போது ரிக்கின் சொற்கள் மறைந்து ஓகாரமே ஒலிக்கும். மந்திரம் மறந்துபோய் இழுக்கிறார் என்று எண்ண வேண்டாம், முறையே அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி சுக்ல யஜுர்வேதத்தின் உபநிஷத்தில் இருக்கிறது. யாகம் நடத்துபவர் வேறு சாகை என்ற வேதக் கிளையைச் சேர்ந்தவரானால் அவருடைய கிளையின் சடங்கு நூலான சூத்திரப்படிதான் எல்லாம் நடக்கும். முதல் நாளே வைதிகர்களிடம் எந்தச் சூத்திரம், எஜமானருக்குப் பவமான ஜபம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. யாகம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

இவ்வளவு பாடுபட்டு அந்தக் கணத்துக்கு ஏன் போக வேண்டும் என்றால், இந்த ஜபத்துக்கு முந்திய கதை அங்கேதான் விளங்குகிறது. தேவர்களும் அசுரர்களும் பிரஜாபதியின் மக்கள். யாகத்தில் உத்காதாவின் பங்கான உத்கீதம் பாடி அசுரர்களை வெல்லத் தேவர்கள் முடிவு செய்கிறார்கள். பேச்சு பாடுகிறது, மூக்கு பாடுகிறது, கண், காது, மனம் என்று ஒவ்வொன்றும் பாடுகிறது. ஒவ்வொன்றும் நல்லதைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. அந்த இடுக்கில் அசுரர்கள் பாவத்தால் குத்திவிடுகிறார்கள். கடைசியில் வாயிலுள்ள பிராணன் பாடுகிறது. அதன்மேல் பாய்ந்த அசுரர்கள் கல்லில் மோதிய மண்ணாங்கட்டியாகச் சிதறிப்போகிறார்கள். பிராணனை இப்படி அறிந்தவர்களுக்கே அப்யாரோஹ ஜபம் சொல்லப்படுகிறது.

பொருளையும் உபநிஷத்தே சொல்லிவிடுகிறது. அஸத் என்றால் மரணம், ஸத் என்றால் மரணமின்மை. தமஸ் என்றால் மரணம், ஜ்யோதி என்றால் மரணமின்மை. ஆக முதல் இரண்டு வரியும் கேட்பது "என்னை மரணமற்றவனாக்கு" என்பதையே. மூன்றாவது வரிக்கு வந்ததும் "இதில் மறைவானது ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறது. மூன்று தனித்தனி வரங்கள் என்று உபந்நியாசங்களில் விரிப்பது அழகாக இருக்கும், மூலம் அந்தப் பக்கம் போகவில்லை. உடனே அடுத்த வாக்கியம், மீதி ஸ்தோத்திரங்களில் உத்காதா தனக்கு உணவு வேண்டிப் பாடலாம், எஜமானர் விரும்பிய வரத்தைக் கேட்கலாம் என்கிறது. சோறும் அமிருதத்துவமும் இங்கே ஒரே பத்தியில் இருக்கின்றன, கூச்சமே இல்லாமல்.

புத்தகத்தில் தேடுபவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். இந்த உபநிஷத்தின் பெரிய ஞானியான யாக்ஞவல்க்யர் பெயரை நம்பி மூன்றாம், நான்காம் அத்தியாயங்களைப் புரட்டுவது ஒன்று. ஜனகர் சபை அங்கே இருக்கிறது, இந்த ஜபம் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. இன்னொன்று, இதையே உபநிஷத்தின் சாந்தி பாடம் என்று எண்ணி முகப்பில் தேடுவது. முகப்பில் இருப்பது "பூர்ணமத:". இந்த உபநிஷத்துக்குக் காண்வம், மாத்யந்தினம் என்று இரண்டு பாடங்கள் உண்டு. காண்வ பாடத்தை ஒட்டிய பதிப்பில் 1.3.28 என்ற எண்ணைப் பார்த்தால் நேராகக் கிடைக்கும். மாத்யந்தின பாடத்தில் உபநிஷத் தேவாசுரக் கதையிலிருந்தே தொடங்குகிறது. காண்வத்தில் முன்னால் வரும் அசுவமேதப் பகுதிகள் அங்கே இந்த உபநிஷத் அடங்கிய சதபத பிராமணம் என்ற பெருநூலின் பத்தாம் காண்டத்தில் உள்ளன. அதனால் அந்தப் பதிப்பில் அத்தியாயத்தின் உட்பிரிவான மூன்றாம் பிராமணத்தைத் திறந்தால் கிடைக்காது, முதல் பிராமணத்தின் கடைசியில் பார்க்க வேண்டும். இரண்டிலும் மந்திரத்தோடு ஒட்டி "ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி:" இருக்காது, அது பாராயணத்தில் பின்னால் சேர்த்துக்கொண்டது.