டிக் டிக் என்று அணையும் மொனிற்றர்

கொக்குவிலில் பக்கத்து வீட்டு அண்ணையின் 19 அங்குல மொனிற்றர், போட்டுச் சில நிமிடத்தில் அணையும். பிறகு உள்ளே டிக் டிக் என்று சத்தம். கடையில் "பனல் போட்டுது, புதுசு வாங்குங்கோ" என்றார்களாம். அப்படி இல்லை. பவர் போர்டு எழும்பப் பார்த்து, முடியாமல் திரும்பத் திரும்ப விழுகிற சத்தம் அது.

கழற்றிப் பார்த்தால், வெளியீட்டுப் பக்கத்தில் 1000 மைக்ரோபரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டு தலை வீங்கி நின்றன. நல்லதென்றால் மேல்தகடு தட்டையாக இருக்கும். சூட்டில் உள்ளிருக்கும் திரவம் காய, மின்சாரத்தைச் சீராக்கும் வலு குறையும். எங்கட வெக்கைக்கு இது இன்னும் கெதியாக நடக்கும்.

உண்மையில் முன்பே அறிகுறி காட்டியிருக்கிறது: காலையில் பிந்தி எரிந்தது, சூடேறியபின் சரியானது. ஆனால் வீங்காமலே பழுதாவதும் உண்டு, கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மாற்றும்போது அதே மைக்ரோபரட், அதே அல்லது கொஞ்சம் கூடிய வோல்ட், 105 பாகை வரை தாங்கும், ஈ.எஸ்.ஆர். என்கிற உள்தடை குறைந்த வகை. பழையதைக் கழற்றமுன் படம் எடுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாறினால் வெடிக்கும். பிளக்கைக் கழற்றினாலும் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மீற்றரால் அளந்து பார்க்காமல் தொடவேண்டாம்.

இன்னொன்று: இரண்டு செக்கனில் இருண்டு, டோர்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிந்தால், பின்னொளிப் பக்கத்தைப் பாருங்கள்.