மூன்று குக்கர் ரப்பர்

நேற்று பார்சல் வந்தது. கையில் வாங்கியதுமே அம்மா, "என்னடா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றாள். பிரித்தேன். மூன்று குக்கர் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று வளைந்து படுத்திருந்தது. உறையை உதறினேன். ரப்பர் என்ன, கொத்தமல்லியா, உதறினால் உதிர?

"ஏமாத்திட்டாங்க" என்று நான் ஆரம்பித்த கச்சேரி பக்கத்து ஃப்ளாட் வரை கேட்டிருக்கும். புகார் கொடுக்கப் போனால் உறை மேல் ஒட்டிய லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அது அதற்குள் குப்பைக்கூடையில், முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில். துடைத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் Net Qty: 1 N. அதாவது உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று.

சின்னவள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, நீ என்ன பண்ணினேன்னு வரிசையா சொல்லு."

சொன்னேன். முதலில் ஐந்து லிட்டர், Pack of 3, 329 ரூபாய். சமையலறையிலிருந்து என் மனைவி, "நம்மளுது மூணு லிட்டர்!" என்று கத்தினாள். மூணு லிட்டரைத் தட்டினேன். விலை 139 ஆனது. சின்ன ரப்பர், சின்ன விலை என்று சந்தோஷமாக வாங்கிவிட்டேன்.

"அங்கதான் விழுந்தே" என்றாள் சின்னவள். ஐந்து லிட்டரில்தான் மூன்று சேர்ந்த பேக் இருக்கிறதாம். மூணு லிட்டருக்கு ஒற்றைதான். அளவை மாற்றியதும் பேக் தானாக ஒன்றுக்குத் தாவிவிட்டது. மேலே இருந்த படம் மட்டும் தாவவில்லை, அதே மூன்று வளையம். கீழே விமர்சனங்களும் எல்லா அளவுக்கும் பொதுவாம். "மூன்றும் சூப்பர்" என்று யாரோ ஐந்து லிட்டர் புண்ணியவான் எழுதியதை நான் எனக்காக எழுதியதாக நினைத்துக்கொண்டேன். போதாததற்கு '3' என்று எங்கே பார்த்தாலும் எனக்கு மூன்று ரப்பராகத்தான் தெரிந்தது. அது லிட்டர்.

"பில்லில் Qty: 1 என்று போட்டிருந்ததே, அப்போதாவது தெரிய வேண்டாமா?" என்று மனைவி கேட்டாள். அங்கே மட்டும் நான் ஜெயித்தேன். மூன்று சேர்ந்த பேக் வாங்கினாலும் பில்லில் ஒன்று என்றுதான் வரும், ஒரு பேக் என்று கணக்கு. ஆர்டர் பக்கத்தில் பொருளின் பெயருக்குக் கீழே இருக்கும் பொடி வரியைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு Pack of 1 என்று தெளிவாகவே போட்டிருந்தது. கண்ணாடி அப்போது டிவி மேல் இருந்தது.

கட்டிய பணம் ஒற்றைக்கு, வந்ததும் ஒற்றை. திருப்பிக் கேட்க என்ன இருக்கிறது? புகாரை வாபஸ் வாங்கினேன்.

இதற்கிடையில் அம்மா சத்தமில்லாமல் தெருமுனைப் பாத்திரக்கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். இரண்டு. தளர்ந்த பழைய ரப்பர் இறுகட்டும் என்று போன வாரமே ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்தாளாம். ஐஸ் ட்ரேயை எடுக்கும்போது கையில் வந்தது.

மூன்று.